விசை t = 1-இல் திடீரென்று வருகிறது. லாப்லாஸ் இல்லாமல் போட முடியுமா?

அரைப்புள்ளி · மார்ச் 4, இரவு 10:12

கணக்கு இது: y'' + 4y = f(t), y(0) = 1, y'(0) = 0. t = 1 வரை f = 0, அதற்கு அப்புறம் f = 12. லாப்லாஸ் இன்னும் நடத்தவில்லை, ஆனால் கணக்கு மட்டும் வந்துவிட்டது.

முதல் பாதி சுலபம், y = cos 2t. இரண்டாம் பாதிக்கு y = 3 + A cos 2t + B sin 2t என்று எடுத்து, y(0) = 1, y'(0) = 0 போட்டேன். A = −2, B = 0. ஆக t > 1 என்றால் y = 3 − 2cos 2t. வரைந்து பார்த்தால் t = 1-இல் கோடு அறுந்து 3.8-க்கு எகிறுகிறது. விடையிலும் இப்படி இல்லை. எங்கே தப்பு?

பழைய சுருள்வில் · மார்ச் 4, இரவு 10:40

படம் வரைந்து பார்த்தாயே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. சுருளில் தொங்கும் ஒரு எடை −0.416-இல் இருந்து 3.832-க்கு நேரமே ஆகாமல் தாவாது.

இரண்டாம் சமன்பாடு t = 1-க்கு அப்புறம்தான் உயிரோடு இருக்கிறது. t = 0-இல் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் t = 1-இல் முதல் பாதி எதைக் கையில் கொடுத்துவிட்டுப் போனது என்பதுதான். எங்கே இருந்தது, எவ்வளவு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது, அந்த இரண்டு எண் போதும். முதல் பாதியின் முடிவு நிலைதான் இரண்டாம் பாதியின் ஆரம்ப நிலை.

அரைப்புள்ளி · மார்ச் 4, இரவு 11:05

y(1) = cos 2 = 0.9994 போட்டேன். ஒரு மாறிலிதான் கிடைக்கிறது. B-யை 0 என்று வைத்துக்கொள்ளலாமா?

பழைய சுருள்வில் · மார்ச் 4, இரவு 11:09

கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறது. மாற்று.

பழைய சுருள்வில் · மார்ச் 4, இரவு 11:31

B-யை 0 என்று வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கோடு அறுபடாது, ஆனால் t = 1-இல் முனை விழும். இடப்பக்கம் சாய்வு −2 sin 2 = −1.8186. வலப்பக்கம் A = 8.209, சாய்வு −2A sin 2 = −14.93. அதாவது கீழே போய்க்கொண்டிருந்த எடை ஒரு கணத்தில் எட்டு மடங்குக்கு மேல் வேகம் பிடித்துவிட்டது. அதற்கு யாராவது சுத்தியலால் அடித்திருக்க வேண்டும். இங்கே சுத்தியல் இல்லை. 12 என்ற ஒரு விசை வந்து சேர்ந்து தள்ளுகிறது, அவ்வளவுதான். அளவுள்ள விசைக்கு வேகத்தை மாற்ற நேரம் வேண்டும்.

கணக்காகச் சொன்னால், t = 1-க்கு இந்தப் பக்கம் ε, அந்தப் பக்கம் ε எடுத்து சமன்பாட்டைத் தொகையிடு. y''-இன் தொகை y'-இல் வந்த மாற்றம். மறுபக்கத்தில் இருப்பவை f-உம் 4y-உம், இரண்டும் அளவுக்குள் இருப்பவை, எனவே அவற்றின் தொகை 2ε-ஐ ஒட்டிச் சுருங்கி ஒன்றுமில்லாமல் போகிறது. ஆக y' தாவ முடியாது. y' தாவாவிட்டால் y தாவுவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அப்புறம் கைவேலைக்கு ஒரு யோசனை. A cos 2t + B sin 2t என்று எழுதினால் t = 1-இல் இரண்டு சமன்பாட்டைச் சேர்த்துத் தீர்க்க வேண்டும், cos 2-உம் sin 2-உம் எல்லா இடத்திலும் காலைச் சுற்றும். கடிகாரத்தைப் புதிதாக ஓட்டு: τ = t − 1. இப்போது y = 3 + A cos 2τ + B sin 2τ. τ = 0 என்றதும் y = 3 + A, y' = 2B. பார்த்தவுடன் எழுதிவிடலாம்.

அரைப்புள்ளி · மார்ச் 5, காலை 6:50

A = −0.4161 − 3 = −3.4161. B = −1.8186. சரியா?

பழைய சுருள்வில் · மார்ச் 5, காலை 7:15

A சரி. B-யில் அந்த 2 எங்கே போனது? 2B = −1.8186, எனவே B = −0.9093. வெட்கப்பட வேண்டாம், நானும் இந்த 2-ஐ எத்தனையோ முறை தொலைத்திருக்கிறேன். போட்டு முடித்ததும் τ = 0.01-இல் y எவ்வளவு என்று ஒருமுறை பார்ப்பது இப்போது என் பழக்கம். −0.416-இல் இருந்து ஏறக்குறைய 0.018 குறைந்திருக்க வேண்டும். 0.036 குறைந்திருந்தால் 2 தொலைந்தது என்று அர்த்தம்.

நேர்கோடு · மார்ச் 5, காலை 9:20

ஒன்று விட்டுப்போகிறது. தீர்வு மிருதுவாக இருக்க வேண்டும் என்றால் y''-ஐயும் பொருத்த வேண்டும். y, y' மட்டும் போதாது. நான் எப்போதும் மூன்றையும் எழுதுவேன்.

பழைய சுருள்வில் · மார்ச் 5, காலை 9:48

மாறிலி இரண்டு, நிபந்தனை மூன்றா? போட்டுப் பாருங்களேன். இடப்பக்கம் y'' = −4 × (−0.4161) = 1.66. வலப்பக்கம் y'' = 12 + 1.66 = 13.66. ஒட்டவே ஒட்டாது. ஒட்டவும் கூடாது, f எவ்வளவு தாவியதோ அவ்வளவு y'' தாவியே தீர வேண்டும், ஏனென்றால் அந்தத் தாவலை வாங்கிக்கொள்ள இடப்பக்கத்தில் வேறு யாரும் இல்லை. y'' தொடர்ச்சியாக வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

படிக்கும் நாட்களில் நானும் மூன்று நிபந்தனை எழுதி, பொருந்தாமல் போனதும் "சிறப்புத் தீர்வில் பிழை" என்று 3-ஐ மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு மாலையைத் தொலைத்தவள்தான்.

நேர்கோடு · மார்ச் 5, காலை 10:02

ஸ்ப்லைன் வரையும்போது மூன்றும் பொருத்துவோமே, அதை நினைத்துச் சொல்லிவிட்டேன். சரி, இங்கே அது வேறு.

பழைய சுருள்வில் · மார்ச் 5, மதியம் 1:30

சாப்பிட்டுக்கொண்டே யோசித்தது. நேற்று சொன்ன வழி சரிதான், ஆனால் நேரியல் சமன்பாட்டுக்கு இன்னும் சுருக்கமாக ஒன்று இருக்கிறது. பழைய தீர்வு cos 2t-ஐ நிறுத்தவே வேண்டாம், அது தன் பாட்டுக்கு ஓடட்டும். அதன்மேல் w என்று ஒன்றைச் சேர்: y = cos 2t + w. இந்த w-க்கு w'' + 4w = 12, τ = 0-இல் w = 0, w' = 0, ஏனென்றால் இடமும் வேகமும் ஏற்கனவே cos 2t-இன் கணக்கில் சேர்ந்துவிட்டன. எனவே w = 3(1 − cos 2τ). முழு விடை:

y = cos 2t + 3 − 3 cos 2(t − 1)

உன் விடைத்தாளில் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். −3.4161, −0.9093 எதுவும் தெரியாது, ஆனால் cos 2t-ஐ cos(2τ + 2) என்று விரித்தால் அதே எண்கள் வெளியே வரும்.

அரைப்புள்ளி · மார்ச் 5, மாலை 6:10

ஆமாம் அக்கா, அதேதான்! நான் அதைப் பார்த்து வேறு கணக்கின் விடை என்று நினைத்தேன்.

மின்கம்பி · மார்ச் 5, இரவு 8:25

இழையைப் படித்ததும் என் பழைய காயம் நினைவுக்கு வந்தது. தொடர் RLC சுற்று, L = 1, R = 2, C = 1/5. T-இல் சுவிட்ச் போட்டு 10 வோல்ட். மின்னோட்டத்துக்கு எழுதினால் i'' + 2i' + 5i = v'. சுவிட்சுக்கு முன்னால் v = 0, பின்னால் v = 10, இரண்டும் மாறிலி, எனவே v' இரண்டு பக்கமும் 0. i-யும் i'-உம் பொருத்தினேன், இரண்டும் 0. விடை: i = 0, என்றென்றைக்கும். பேட்டரியை மாட்டியும் சுற்றில் உயிரே இல்லை. பொருத்துவது எப்போதும் சரி என்கிறீர்கள், அப்புறம் இது என்ன?

பழைய சுருள்வில் · மார்ச் 5, இரவு 9:03

அருமையான கேஸ். நான் "எப்போதும்" என்று எழுதவில்லை என்று சொல்ல மேலே போய்ப் பார்த்தேன். எழுதவில்லைதான், ஆனால் அப்படித்தான் தொனிக்கிறது. திருத்திக்கொள்கிறேன்.

வலப்பக்கம் அளவுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் நான் காட்டிய காரணத்தின் முழு பலம். உங்கள் சமன்பாட்டில் வலப்பக்கம் v இல்லை, v'. 0-இல் இருந்து 10-க்குத் தாவும் ஒன்றின் வகைக்கெழு இரண்டு பக்கமும் பூஜ்யம்தான், ஆனால் அந்த ஒரு கணத்தில் மொத்தமாக 10 ஒளிந்திருக்கிறது. சுத்தியல் அடி இதுதான். தொகையிட்டால் i' தாவும் அளவு V/L = 10. எனவே சரியான ஆரம்பம் i = 0, i' = 10. விடை i = 5e^(−τ) sin 2τ.

இதை நினைவில் வைக்க வேண்டாம். i-க்குப் பதில் மின்தேக்கியின் மின்னூட்டம் q-வுக்கு எழுதுங்கள்: q'' + 2q' + 5q = v. இப்போது வலப்பக்கம் அளவுக்குள் இருக்கிறது, q-உம் q'-உம் தைரியமாகப் பொருத்தலாம், இரண்டும் 0. q = 2 − e^(−τ)(2 cos 2τ + sin 2τ). வகையிட்டால் மேலே எழுதிய அதே i வரும், நான் இப்போதுதான் சரிபார்த்தேன்.

மின்கம்பி · மார்ச் 5, இரவு 9:20

சுற்றுக்காரர்களின் மொழியில் சொன்னால், மின்தேக்கியின் மின்னழுத்தமும் மின்தூண்டியின் மின்னோட்டமும் தாவாது, மற்றதெல்லாம் தாவலாம். i' என்பது மின்தூண்டிமேல் விழும் மின்னழுத்தம், அது சுவிட்ச் போட்டவுடன் 10-க்கு எகிறத்தானே செய்யும். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டே i' = 0 போட்டிருக்கிறேன்!

பழைய சுருள்வில் · மார்ச் 5, இரவு 9:41

எடைக்காரர்களுக்கும் இதே பள்ளம் உண்டு. வண்டிச் சக்கரம் ஒரு படியில் ஏறுகிறது, நடுவில் சுருள்வில்லோடு ஒரு தணிப்பானும் இருக்கிறது என்றால், தணிப்பான் தரையின் வேகத்தை அப்படியே மேலே கடத்தும், சமன்பாட்டில் தரை உயரத்தின் வகைக்கெழு வந்துவிடும். படியைச் செங்குத்து என்று வைத்தால் வண்டியின் y' தாவும். வலப்பக்கத்தில் உள்ளீட்டின்மேல் ஒரு கோடு (') தெரிந்தால் கையை எடுத்துவிட்டு யோசி.

கறார் · மார்ச் 6, காலை 8:00

யாருமே கேட்கவில்லை: t = 1-இல் சரியாக y'' என்ன? இடம் 1.66, வலம் 13.66. ஆக அங்கே y'' இல்லை. y'' இல்லாத இடத்தில் சமன்பாடு நிறைவேறவில்லை. அப்படியானால் இது தீர்வே இல்லை.

பழைய சுருள்வில் · மார்ச் 6, காலை 8:35

ஒரு புள்ளியைத் தவிர எல்லா இடத்திலும் நிறைவேறுகிறது, y' தொடர்ச்சியாக இருக்கிறது. எனக்கு அது போதும். f(1) = 0 என்றாலும் 12 என்றாலும் 6 என்றாலும் y-இல் ஒரு மாற்றமும் வராது.

கறார் · மார்ச் 6, காலை 8:41

"எனக்குப் போதும்" என்பது வரையறை ஆகாது. தொகையீட்டு வடிவத்தில் தீர்வு என்று சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன்.

பழைய சுருள்வில் · மார்ச் 6, காலை 8:44

சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கறார் · மார்ச் 6, காலை 8:46

வைத்துக்கொள்ள மாட்டேன்.

பழைய சுருள்வில் · மார்ச் 6, இரவு 7:55

அரைப்புள்ளி, இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. கிடையாக y, நெடுக்காக y'/2 வைத்து ஒரு தாளில் புள்ளி வைத்துக்கொண்டே போ. விசை இல்லாதபோது புள்ளி பூஜ்யத்தை மையமாக வைத்து ஆரம் 1 உள்ள வட்டத்தில் சுற்றும். விசை வந்ததும் மையம் 3-க்கு நகர்ந்துவிடும். புள்ளி நகராது, மையம் மட்டும்தான் நகரும். புள்ளி இருக்கும் இடத்தில் இருந்து புது மையத்துக்கு எவ்வளவு தூரமோ அதுதான் இனி வீச்சு. இடமும் வேகமும் பொருந்துவது என்றால் இந்தப் படத்தில் அவ்வளவுதான், புள்ளி கையை விட்டுப் போகாமல் அடுத்த வட்டத்தில் ஏறிக்கொள்கிறது.

t = 1-இல் புள்ளி (−0.416, −0.909). (3, 0)-க்குத் தூரம் 3.535. எனவே y இனி −0.535-க்கும் 6.535-க்கும் நடுவே ஆடும். அதே 12-ஐ t = π-இல் போட்டிருந்தால் புள்ளி (1, 0)-இல் இருந்திருக்கும், வீச்சு 2. t = π/2-இல் என்றால் (−1, 0), வீச்சு 4. விசை அதேதான், எப்போது வருகிறது என்பதால் ஆட்டம் இரட்டிப்பாகிறது.

அரைப்புள்ளி · மார்ச் 6, இரவு 8:30

அப்படியென்றால் மையத்தைப் புள்ளிமேலேயே கொண்டுவந்து வைத்தால்?

பழைய சுருள்வில் · மார்ச் 6, இரவு 8:38

இதைத்தான் நீ கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். விசை 12 அல்ல, 4. மையம் 1. t = π-இல் புள்ளி (1, 0). ஆரம் பூஜ்யம். y = 1, அப்படியே நின்றுவிடும்.

வரைந்து பார். cos 2t மேலே ஏறி உச்சியைத் தொடும், அங்கிருந்து நேர்கிடையான கோடு. முனை இருப்பதுபோலத் தோன்றாது, இரண்டு பக்கமும் சாய்வு 0. ஆனால் வளைவு மட்டும் சட்டென்று போய்விடும்: y'' இடப்பக்கம் −4, வலப்பக்கம் 0. y'' தாவுவதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. நேர்கோடு அவர்களும் ஒருமுறை பார்க்கலாம், பெயருக்கும் பொருத்தம்.

கைப்பிடி · மார்ச் 6, இரவு 9:50

கணக்கு எனக்குப் பாதிதான் புரிகிறது, ஆனால் நான் கிரேன் ஓட்டுகிறேன். சுமையை ஒரே மூச்சில் இழுத்தால் ஆடும். பாதி கொடுத்து, சுமை முன்னால் வரும் நேரம் பார்த்து மீதியைக் கொடுத்தால் ஆடாது. இது அதுதானா, இல்லை நான் வேறு எதையோ பேசுகிறேனா?

பழைய சுருள்வில் · மார்ச் 6, இரவு 10:15

அதேதான். 12-க்குப் பதில் முதலில் 6 கொடுங்கள், ஓய்வில் இருந்து ஆரம்பம். மையம் 1.5, y = 1.5(1 − cos 2t). அரை அலைவு கழிந்து t = π/2-இல் y = 3, வேகம் 0. அந்த நொடியில் மீதி 6-ஐயும் கொடுத்தால் மையம் 3, புள்ளியும் 3. நின்றது. ஓட்டோ ஸ்மித் 1957-இல் இதைப் பாசிகாஸ்ட் என்ற பெயரில் எழுதினார். தணிப்பு இருந்தால் சரிபாதி சரிவராது, முதல் பங்கு கொஞ்சம் கூட வேண்டும், ஏனென்றால் முதல் ஆட்டம் முழு உயரம் ஏறாது.

கைப்பிடி · மார்ச் 6, இரவு 10:22

கயிறு நீளம் மாறினால் நேரமும் மாறும். அதைக் கையில்தான் பிடிக்க முடியும்.

நிரலி · மார்ச் 7, காலை 11:10

கணினியில் போடுபவர்களுக்கு ஒன்று. ஓய்வில் இருக்கும் அமைப்பு, t = 40-இல் 0.1 நேரத்துக்கு மட்டும் ஒரு விசை. `solve_ivp` y = 0 என்று நேர்கோடு கொடுத்தது, எச்சரிக்கை கூட இல்லை. ஒன்றுமே நடக்காததால் அது தன் நேரப் படியை நீட்டிக்கொண்டே போய், விசை இருந்த இடத்தையே தாண்டிவிட்டது. `max_step` குறைத்தால் பிடிக்கிறது, ஆனால் மெதுவாகிறது. கடைசியில் சுவிட்ச் போடும் இடத்தில் வெட்டித் தனித்தனியாக ஓட்டினேன். இங்கே இருக்கும் கணக்குக்கு:

```python
s1 = solve_ivp(off, (0, 1), [1, 0])
s2 = solve_ivp(on, (1, 10), s1.y[:, -1])
```

பழைய சுருள்வில் · மார்ச் 7, மதியம் 12:05

`s1.y[:, -1]` என்று எழுதியிருக்கிறீர்களே, அது y-உம் y'-உம்தான். மூன்று நாளாக இங்கே பேசுவது அந்த ஒரு துண்டைத்தான்.

அரைப்புள்ளி · மார்ச் 8, இரவு 9:15

நானே ஒன்று போட்டுப் பார்த்தேன்: 12-ஐ t = 1-இல் போட்டு, t = 1 + π-இல் எடுத்துவிட்டேன். திரும்பவும் பொருத்தினால் y = cos 2t வருகிறது. விசை வந்ததே தெரியவில்லை. தப்பா?

பழைய சுருள்வில் · மார்ச் 8, இரவு 9:40

சரிதான். அலைவு நேரம் π, நீ விசையைச் சரியாக ஒரு முழு அலைவுக்கு வைத்திருந்தாய். w = 3(1 − cos 2τ) ஏறி இறங்கி τ = π-இல் இடமும் வேகமும் பூஜ்யமாகத் திரும்பியிருக்கும். அந்த நேரத்தில் எடுத்தால் சுவடே இருக்காது. அரை அலைவில் எடுத்திருந்தால் w = 6-இல் நிற்கும்போது விட்டிருப்பாய், அது 6 வீச்சோடு தனியாக ஆடிக்கொண்டே இருக்கும்.

அரைப்புள்ளி · மார்ச் 9, காலை 7:05

கடைசியாக ஒன்று. நேரம் பார்த்து இல்லாமல், y = −0.5-ஐத் தொட்டதும் விசை வர வேண்டும் என்றால்?

பழைய சுருள்வில் · மார்ச் 9, காலை 7:30

பொருத்துவது அதே வேலை. T-தான் கொடுக்கப்படவில்லை, முதலில் cos 2T = −0.5 என்று அதைக் கண்டுபிடி, T = π/3. ஆனால் w என்று மேலே ஒன்றைச் சேர்க்கும் சுருக்குவழியை இங்கே கவனமாக வை. ஆரம்ப நிலையை மாற்றினால் T-யும் மாறும், எனவே இரண்டு தீர்வைக் கூட்டினால் இன்னொரு தீர்வு கிடைக்கும் என்ற வசதி போய்விட்டது. எல்லையை −1 என்று வைத்தால் இன்னும் வம்பு, வளைவு அதைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது, சுவிட்ச் விழுந்ததா இல்லையா?

கறார் · மார்ச் 9, காலை 7:33

விழுந்தது. "தொட்டதும்" என்றுதான் கேள்வி.

நிரலி · மார்ச் 9, காலை 7:50

என் கணினியில் விழவில்லை. −0.99998 வரை போய்த் திரும்பிவிட்டது.